பகுதிக்கு ஐந்து

கிண்ணியாவில் ஒரு பாடசாலையில் பரீதா ஒன்பது வருடம் தொண்டர் ஆசிரியையாக இருந்தாள். இரண்டாம் வகுப்புக்கு எழுத்தும் எண்ணும் அவள்தான். நிரந்தர நியமனத்துக்கான நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கடிதத்தில் ஒரு வரி இருந்தது: சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும். அவள் சித்தியடையவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கி, பள்ளிக்கூடம் பூட்டி, ஊர் விட்டு ஊர் அலைந்து, மார்கழியில் போய் எழுதிய சோதனை அது. கணிதத்துக்கு F. அதற்குப் பிறகு பதினாறு வருடம் அவள் ஒரு சமன்பாட்டைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மார்கழிச் சோதனைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தாள். ஆவணியில் மறுபடி சண்டை மூண்டு, மூதூர்ச் சனம் இடம்பெயர்ந்து வந்து வகுப்பறைகளில் தங்கியபோது, சமைத்துப் போடவும் பிள்ளைகளைக் கணக்கெடுக்கவும் பரீதா போனாள். படிப்பு அலுமாரிக்குள் கிடந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது சோதனைக்குப் பதினான்கு நாள் இருந்தது.

கூட எழுதவிருந்தவள் ஸல்ஹா. அவளும் தொண்டர் ஆசிரியை, அதே வரி அவளுக்கும்.

பாடத்திட்டத்தைப் பரீதா பாடசாலையில் வாங்கி வந்தாள். முப்பதுக்கு மேல் அலகுகள். பதினான்கு நாளில் முழுவதையும் தொடவே ஏலாது. கணித ஆசிரியை அசனாவிடம் கடந்த ஐந்து வருட வினாத்தாள்கள் இருந்தன. ஒரு நாளைக்கு மட்டும் அவற்றை இரவல் தரச் சம்மதித்தாள். அவளுடைய வகுப்புக்கும் அதே தாள்கள்தான். மின்சாரம் இல்லை, பிரதி எடுக்க வழியில்லை. ஸல்ஹா உட்கார்ந்து கையால் எழுதினாள். எழுதும்போதே அலகு வாரியாகப் பிரித்தாள்: வட்டிக் கணக்கெல்லாம் ஒரு பக்கம், வரைபெல்லாம் ஒரு பக்கம். பரீதா அவளை மெச்சினாள். எந்த அலகு எத்தனை தரம் வந்தது என்று பார்த்த உடனே தெரிந்தது.

மற்றக் குறிப்புகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுடையவை. மழையில் ஊறிய ஒரு கொப்பி, பாதி கிழிந்த ஒன்று, அட்டை இல்லாத ஒன்று. ஒன்றில் சூத்திரம் இருந்தால் உதாரணம் இல்லை. மற்றொன்றில் விடை இருந்தது, கேள்வி இல்லை.

வரவுப் பதிவேட்டுத் தாள் ஒன்றில் பரீதா அலகுகளை வரிசையாக எழுதி, வந்த வருடங்களுக்குப் புள்ளடி போட்டாள். பிறகு இருவரும் மூன்றாகப் பிரித்தார்கள்: அடிக்கடி வருவதும் தங்களால் ஏலக்கூடியதும் ஒன்று, நேரம் மிஞ்சினால் பார்ப்பது இரண்டு, மூன்றாவது விடுவது.

"வட்டத் தேற்றம்?" என்றாள் பரீதா.

"மௌத்து. செத்துப்போச்சு."

"ஒவ்வொரு வருசமும் வந்திருக்கு புள்ள."

"வந்தா என்ன? நிறுவுறதுக்கு ஒனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? அடக்கிட்டு வா."

மூன்றாவது குவியலில் அடக்கினார்கள். முதல் குவியலில் எட்டு அலகு நின்றது. இரண்டாம் வினாப்பத்திரத்தில் பத்து வினா எழுத வேண்டும் என்பது தெரியும். எட்டு வினாவில் பாதிப் பாதிப் புள்ளி எடுத்தாலும் முதல் பத்திரத்தோடு சேர்ந்து கரை சேரலாம் என்று பரீதா கணித்தாள். ஒரு அலகுக்கு ஒரு நாள். மிச்ச நாள் திருப்பிப் பார்க்க.

அவளுடைய கணவன் ஹிஸ்புல்லா மீன்பிடிக்கிறவன். கடலுக்குப் போக அப்போது தடை. வீட்டில் இருந்து வலை பொத்தினான், சோறும் ஆக்கினான்.

"எனக்குக் கடல் பூட்டு, ஒனக்குக் குசினி பூட்டு," என்பான். "எப்படியும் ஒருத்தராவது வெளியில போவம்."

வரைபுக்கு அவன்தான் மணிக்கூடு பார்த்தான். முதல் நாள் அட்டவணை நிரப்பி, அச்சுக் கீறி, வளையியை வரைய ஐம்பது நிமிடம் எடுத்தாள். மறை எண்ணை வர்க்கிக்கும்போது அடையாளத்தை மாற்றாமல் விட்டு, வளையி ஒரு பக்கம் கீழே ஓடியது.

"இது என்ன, ஒடஞ்ச தோணி மாதிரி?"

"வாயப் பொத்துங்க."

நான்கு நாளுக்குப் பிறகு இருபது நிமிடத்தில் வந்தது. புள்ளிவிபரத்தில் இடை, அதாவது சராசரி, காணப் பழகினாள். குடாவுக்கு அப்பால் ஷெல் போகும் சத்தம் கேட்கும்போது எண்ணிக்கை தவறிவிடும். முதலில் இருந்து கூட்டுவாள். பத்தாம் நாள் எட்டு அலகும் ஒரு சுற்று முடிந்தது.

அன்று ஒரு சந்தேகம் கேட்க அசனாவிடம் போனார்கள். அசனா பதிவேட்டுத் தாளைப் பார்த்தாள். எடுத்த அலகுகளை விரலால் எண்ணினாள்.

"ராத்தா, இதில B எங்க?"

"என்ன B?"

"பகுதி A-யில அஞ்சு, பகுதி B-யில அஞ்சு. அப்படித்தானே எழுதணும். நீங்க எடுத்ததில ஏழு அலகு A-க்குள்ள. அங்க இருக்கிறதே ஆறு கேள்வி, அதில அஞ்சுதான் எழுதலாம். B-க்கு உங்ககிட்ட வென் படம் கீறுற தொடை அலகு மட்டும்தான் இருக்கு."

ஸல்ஹா தான் எழுதிய கொப்பியைத் திறந்தாள். அலகு அலகாக அழகாகப் பிரித்திருந்தது. எந்தக் கேள்வி எந்தப் பகுதியில் இருந்தது என்பது அதில் எங்கும் இல்லை.

"பிரிக்கும்போது விட்டுட்டன்," என்றாள். "தலைப்ப எழுதி என்னத்துக்கு எண்டு..."

எட்டு வினா என்றிருந்தது ஆறாகிவிட்டது. ஆறில் பாதிப் புள்ளி போதாது. திரும்பி வரும் வழியில் ஸல்ஹா அழுதாள். "நீ ஏசு புள்ள, ஏசாம இருக்காத," என்றாள். பரீதா ஏசவில்லை, அந்தக் கொப்பியை மெச்சியவள் அவள்தான்.

"எனக்கு இனி ஏலாது," என்றாள் ஸல்ஹா. "நான் A-யோட இருக்கன். வாறது வரட்டும்."

நான்கு நாள் இருந்தது. பரீதா புதுத் தாள் எடுத்தாள். அசனாவின் தாள்களை மறுபடி கெஞ்சி வாங்கி, B-யின் ஆறு கேள்விகளை மட்டும் பார்த்தாள். தொடை கையில் இருக்கிறது. கூட்டல், பெருக்கல் விருத்திக்கு இரண்டு சூத்திரம்; ஒரு நாள். அமைப்பு: கவராயத்தால் செங்குத்து இருசமவெட்டி, கோண இருசமவெட்டி, அறுபது பாகை. எந்த வருடக் கேள்வியும் இவற்றைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறது. நிறுவல் தேவையில்லை, வில்லின் அடையாளத்தை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நாள். கனவளவு ஒரு நாள், மடக்கை அட்டவணை பார்க்கப் பழகுவதும் அதற்குள். நான்காம் நாள் A-யைத் திருப்ப வேண்டும். ஐந்தாவது கேள்விக்கு நாள் இல்லை.

"மிச்ச ரெண்டும் தேற்றம்," என்றாள் அசனாவிடம். "அடக்கம் பண்ணினது."

"படத்தக் கீறுங்க. தந்த தரவப் படத்தில குறியுங்க. தெரிஞ்ச ஒரு வரி எண்டாலும் காரணத்தோட எழுதுங்க. படிக்குப் படி புள்ளி இருக்கு. வெறுந்தாளுக்குத்தான் இல்ல."

சோதனை அன்று மழை. இரண்டாம் பத்திரத்தில் A-யில் ஐந்தை முடிக்க நேரம் கூடிப்போனது. வரைபு சரியாக வந்தது. வட்டியில் ஒரு பெருக்கல் பிழைத்து, வெட்டி மறுபடி எழுதினாள். B-யில் தொடை வந்தது. விருத்தியில் முதல் இரண்டு உட்கேள்விக்குப் பிறகு நின்றுவிட்டது. அமைப்பு முழுவதும் முடித்தாள். கனவளவில் மடக்கை பார்த்தாள், கூட்டும்போது பூச்சியம் ஒன்று எங்கோ போனது; தேட நேரமில்லை.

பத்து நிமிடம் இருந்தது. வட்டம் ஒன்றைக் கீறினாள். தந்த புள்ளிகளைக் குறித்தாள். OA = OB, ஒரே வட்டத்தின் ஆரைகள் என்று எழுதினாள். ஆகவே அந்த இரண்டு கோணமும் சமம், இருசமபக்க முக்கோணி என்று எழுதினாள். அடுத்த வரி என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. பேனையைத் தாளில் வைத்தபடியே இருந்தாள். மணி அடித்தது.

பெறுபேறு வந்தபோது சித்திரை. ஸல்ஹாவுக்கு W, சித்தியில்லை. பரீதாவுக்கு S, சாதாரண சித்தி.

"எத்தன புள்ளியாம்?" என்றான் ஹிஸ்புல்லா.

"புள்ளி சொல்ல மாட்டாங்க. S எண்டு மட்டும்தான்."

மறுபடி கூப்பிட்ட நேர்முகத்துக்குப் போகும் வழியிலும் அதையே நினைத்துக்கொண்டு போனாள். வரைபு காப்பாற்றியதா, அமைப்பா, அல்லது அந்த இரண்டு வரியா. யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள ஏலாது.