சரியான விடை: பி

நான் ஒரு மாணவிக்கு அநியாயம் செய்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தும், தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதில் அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று.

கொரோனாக் காலத்தில் எங்கள் சட்டக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதும் தேர்வை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தபடி போனிலோ கணினியிலோ நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் தேர்வாக மாற்றினார்கள். ஒப்பந்தச் சட்டத்துக்குக் கேள்விகள் தயாரித்தவன் நான். செம்பூர் வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தயாரித்தேன். சரியான விடை உடனே வந்துவிடும். நம்பும்படியான மூன்று தவறான விடைகளைக் கண்டுபிடிப்பதில்தான் பொழுது போகும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதில் ஒரு கேள்வி இது. ஒரு வியாபாரி, தனக்கு வழக்கமாக வேலை செய்யும் பட்டறைக்காரரிடம் தோலைக் கொடுத்துப் பைகள் தைக்கச் சொல்கிறார். பைகள் தயார். கூலி வரவில்லை. பட்டறைக்காரர் என்ன செய்யலாம்? ஏ: பைகளை விற்றுக் கூலியை எடுத்துக்கொள்ளலாம். பி: கூலி வரும்வரை பைகளைத் தன்னிடம் வைத்திருக்கலாம். சி: பைகளைக் கொடுத்துவிட்டுக் கூலிக்கு வழக்குப் போட வேண்டும். டி: பைகள் அவருக்கே சொந்தம்.

விடை பி. ஒப்பந்தச் சட்டம் நூற்றெழுபதாம் பிரிவு.

கல்லூரி மறுபடி திறந்ததும் அவள் முகக்கவசத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். தாராவிப் பெண். வாப்பாவுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. முன்பு விட்டுப்போன அந்தப் பேப்பரை இறுதியாண்டில் மறுபடி எழுதியிருந்தாள். இரண்டு மார்க்கில், அதாவது ஒரே கேள்வியில், போய்விட்டது. வகுப்பில் இங்கிலீஷில் பேசுபவள், அறையில் வேறு யாரும் இல்லாததால் தமிழில் ஆரம்பித்தாள்.

“சார், அந்தப் பைக் கேள்விக்கு சி-யும் சரிதான்.”

“எப்படி?”

“நூத்தெழுபதுலயே ‘வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி’ன்னு இருக்குல்லா? பிரிவுக்குக் கீழ தையக்காரன் உதாரணம். கோட்டத் தச்சதும் தந்துருதேன், காசு மூணு மாசம் கழிச்சுப் போதும்னு பேசிட்டான்னா, அவன் கோட்டப் பிடிச்சு வைக்க முடியாது.”

“என் கேள்வியில் கடன் என்று இல்லையே.”

“வழக்கமா வேலை செய்யுதவருன்னு போட்டிருக்கீங்க சார். எங்க பக்கம் வழக்கமான பார்ட்டின்னா தச்ச மால் மொதல்ல போயிரும், காசு பொறவுதான். வாயால பேச வேண்டியதே இல்ல. தொழில் வழக்கத்த இந்தச் சட்டம் தொடாதுன்னு ஒண்ணாம் பிரிவுல இருக்கு.”

நான் அந்தப் பிரிவுகளை எத்தனையோ வருஷம் நடத்தியவன். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. ‘வழக்கமாக’ என்பதைக் கேள்வி உயிரோடு இருக்கட்டும் என்று போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

சரி என்று ஒப்புக்கொண்டால் தேர்வுக் குழுவுக்கு எழுத வேண்டும். என் கேள்விகளில் ஆட்சேபமே வராது என்று அந்தக் குழுவிடம் பெருமையடித்திருந்தேன். “கேள்வியில் இல்லாததை நீயாகச் சேர்க்கக் கூடாதும்மா” என்றேன். அவள் சரி சார் என்று போய்விட்டாள். அடுத்த முறை எழுதித் தேறினாள். கூடப் படித்தவர்கள் அதற்குள் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஓய்வு நெருங்கியபோது தேர்வுப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: அந்த விடைக்குறிப்பு தவறு, இந்த மாணவியின் பழைய முடிவைத் திருத்துங்கள். பட்டமளிப்பு நாளில் விடைபெறும் பேச்சு என்னுடையது. அவளுக்குப் போன் செய்து, வரச் சொன்னேன்.

கருப்பு அங்கி போட்ட பிள்ளைகளிடம், நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது எதை அளக்காது என்று பேசினேன். கட்சிக்காரர் நான்கு விடைகளோடு வருவதில்லை என்றேன். முக்கியமான சங்கதியை அவர் சொல்லமாட்டார், ஏனென்றால் அவருக்கு அது தினமும் நடப்பது. கேள்வியில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பதுதான் வக்கீலின் முதல் வேலை, அதற்கு எந்தத் தேர்விலும் கட்டம் இல்லை என்றேன். பெயர் சொல்லாமல் அவள் கதையையும் என் தவற்றையும் சொன்னேன்.

பேசும்போதே குழம்பிப்போனேன். பழைய எழுத்துத் தேர்வு மட்டும் எல்லாவற்றையும் அளந்ததா? அழகான கையெழுத்துக்கு நான் மார்க் போட்டிருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் திருத்தியிருக்கிறேன். இயந்திரத்துக்குத் தூக்கம் வராது. இதையும் சொன்னேன். எந்தப் பக்கம் பேசுகிறேன் என்று முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு பையன் எழுந்தான். “சார், பார் எக்ஸாமும் டிக் அடிக்கிறதுதான். இதே கேள்வி வந்தா எதை டிக் பண்றது?”

“பி” என்றேன். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல்.

வெளியே வந்தபோது அவள் காத்திருந்தாள்.

“மேடைல பெருசாச் சொல்லிட்டீங்க சார். கூசுது. ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. அன்னைக்கு நான் பி-யத்தான் தொடப் போனேன்.”

“என்னம்மா சொல்றே?”

“போன் கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு. வெரல் சி-ல பட்டுட்டு. மாத்துததுக்குள்ள டைம் முடிஞ்சுட்டு.”

“அப்போ ஒண்ணாம் பிரிவு, தொழில் வழக்கம்?”

“ரிசல்ட்டு வந்த பொறவு, சி எப்படிச் சரியாவும்னு உக்காந்து தேடுனேன். கெடச்சுட்டு.”

“அப்போ நீ சொன்னது பொய்யா?”

“பொய் எதுக்கு சார்? எங்க பட்டறைல அப்படித்தான நடக்கு. தொடும்போது நெனப்புல இல்ல, அவ்வளவுதான்.”

அவள் காத்திருந்தது அதைச் சொல்வதற்காக அல்ல. வாப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் வக்கீலாகப் பதிந்துகொள்ள, சன்னதுக்கு விண்ணப்பித்திருந்தாள். என் கடிதத்தைப் பார்த்த தேர்வுப் பிரிவு, தேறிய வருஷம் மாறலாம், அசல் மார்க் ஷீட்டைக் கொண்டுவா என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் அந்த மார்க் ஷீட்டில் இருக்கும் வருஷத்தைத்தான் எழுதியிருக்கிறாள். அது மாறினால் விண்ணப்பம் நின்றுவிடும்.

“நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா அதத் திரும்ப வாங்கிருங்க சார். எனக்கு அந்த ரெண்டு மார்க்கு வேண்டாம்.”

மறுநாள் காலையில், முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மராத்தி அதிகாரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஹிந்தியில் கேட்டார்.

“ஆன்சர் கீ தப்புன்னீங்க. இப்போ விட்டுடுங்கன்றீங்க. கீ சரியா தப்பா, சார்?”

“கூலி எப்போது என்று பேச்சோ அதைப் பொறுத்தது. கேள்வியில் அது இல்லை.”

“ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

மாணவிக்கு இதனால் பயன் இல்லை என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே முத்திரை குத்தினார். அவளுடைய முடிவு இருந்தபடியே இருக்கிறது. என் தவறும் இருந்தபடியே இருக்கிறது.

சில வாரம் கழித்து அவளே போன் செய்தாள். சன்னது வந்துவிட்டதாம். பக்கத்துப் பட்டறையிலிருந்து முதல் ஆளும் வந்தாராம். பார்ட்டி கூலி தரவில்லை, பைகளைப் பிடித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

“நீ என்ன சொன்னே?”

“காசு எப்போன்னு பேச்சுன்னு கேட்டேன் சார்.”

“அவர் என்ன சொன்னார்?”

“அவரு ஒண்ணு சொல்லுதாரு, அவரு மகன் ஒண்ணு சொல்லுதான்” என்றாள். “இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”