தொண்ணூற்றொன்பது சதவீதம் நல்லவர்

புத்தகம் வாங்கும்போது நான் பின்னட்டையைப் படிப்பதில்லை. அங்கே எழுதியிருப்பவர்கள் எல்லோரும் ஆசிரியரோடு காபி குடித்தவர்கள். நான் நேராக உள்ளே போய், பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தைப் பார்ப்பேன்: எத்தனையாவது பதிப்பு, எங்கே அச்சிட்டது, உரிமை யாருடையது. இந்தப் பழக்கத்தால் எனக்கு இதுவரை எந்த லாபமும் வந்ததில்லை. ஒரு மச்சினன் போனதுதான் மிச்சம்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருந்த ஆராய்ச்சி அலுவலகக் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். சுற்றிலும் அணுவைப் பிளக்கிறவர்கள். நான் அவர்களுடைய பயணப்படியில் பிழை கண்டுபிடிக்கிற பிரிவில் இருந்தேன். இரண்டாயிரங்களின் கடைசியில் வீட்டுக்கு இணையம் வந்தது. என் மனைவியின் தம்பிக்கு மாமல்லபுரத்திலேயே வீடு. கடற்கரைக் கோயிலுக்கு முன்னால் சுற்றுலாக்காரர்களைப் படமெடுத்து, அரை மணியில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது தொழில். வருகிறவன் போகிறவன் எல்லாருடைய செல்போனிலும் கேமரா வந்தபிறகு, அவனை யாரும் கூப்பிடவில்லை. தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்போது செங்கல்பட்டு ஸ்டூடியோக்காரர் ஒருவர் அவனிடம் சொன்னார்: சொந்தமாக நல்ல டிஜிட்டல் கேமரா, லென்ஸ் மாற்றுகிற வகை, கையில் இருந்தால் கல்யாண வேலையெல்லாம் அவனுக்கே தருவதாக. தை மாதம் திருக்கழுக்குன்றத்தில் முதல் கல்யாணம். அது நன்றாக அமைந்தால் சீசன் முழுக்க அவன்தான். அமையாவிட்டால் மறுபடியும் கோயில் வாசல். அவன் பெண்டாட்டியின் சங்கிலி அடகுக்குப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணினி முன்னால் உட்கார்ந்தான். யார் வேண்டுமானாலும் கடை போடக்கூடிய தளம் ஒன்றைத் திறந்து காட்டினான்.

“மாமா, இத பாரு. கடைல கேட்டா வேற வெல. இங்க எவ்ளோ கம்மி பாரு. ஆளும் சொக்கத்தங்கம். தொண்ணூத்தொம்போது புள்ளி ஆறு பர்சன்ட் நல்லவன்.”

“மிச்சம் புள்ளி நாலு?”

“அது உன்ன மாதிரி ஆளுங்கோ.”

விற்பவரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு எண் இருந்தது; எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்கிற கணக்கு. ஆயிரத்துச் சொச்சம். அந்த எண்ணை அழுத்தினால் யார் யார் என்ன வாங்கினார்கள், என்ன சொன்னார்கள் என்ற பட்டியல் திறக்கும். அழுத்தினேன். செல்போன் உறை, அருமை. செல்போன் உறை, மிக அருமை. திரைக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாள். சார்ஜர். மெமரி கார்டு. மறுபடியும் உறை. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். கேமரா வாங்கியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நன்று என்றும் சொல்லாமல் தீது என்றும் சொல்லாமல் நடுவில் நின்று, ‘பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

“இந்தத் தொண்ணூற்றொன்பதும் உறைக்குக் கிடைத்த மார்க்கு” என்றேன். “கேமராவுக்கு இவன் இன்னும் பரீட்சையே எழுதவில்லை.”

“ஒற வித்தவன் கேமரா விக்கக்கூடாதா? நீ ஆபீஸ்ல குமாஸ்தா. கத எழுதல?”

நியாயமான கேள்வி. என் கதைகளைப் படித்தவர்கள் அவன் பக்கம்தான் சாட்சி சொல்வார்கள். நான் கீழே இறங்கினேன். அங்கேதான் என் பொடி எழுத்துப் பக்கம் இருந்தது. அனுப்புபவர்: விற்பவர். பொருள் இருக்குமிடம்: வடக்கே ஏதோ ஒரு ஊர். உத்தரவாதம்: விற்பவர் தருவது. ‘கம்பெனி’ என்ற சொல் எங்குமே இல்லை. வெளிநாட்டுக்கென்று செய்த சரக்கு வேறு வழியாக உள்ளே வந்திருந்தால், இங்கேயுள்ள கம்பெனி அதை இலவசமாகத் தொடாது என்று சொன்னேன். இன்னொரு தளத்தையும் திறந்து காட்டினேன். அங்கே அதே கேமரா. தளமே வாங்கித் தன் கிடங்கில் வைத்திருந்தது, தானே அனுப்பும், பில் உண்டு, கம்பெனியின் இந்திய உத்தரவாதம் உண்டு. விலைதான் கூட.

“அந்த வித்தியாசத்துல நான் ஒரு பிளாஷ் வாங்கிடுவேன் மாமா. இன்னா நீ, சும்மா பேஜாரு பண்ணிக்கினு. ஆயிரம் பேரு நல்லாக்கீதுன்றான். நீ ஒர்த்தன் இல்லன்ற.”

“ஆயிரம் பேர் உறை நல்லாயிருக்குன்னு சொன்னாங்க.”

“போ மாமா” என்று எழுந்து போய்விட்டான். சாப்பிடச் சொல்லியும் நிற்கவில்லை.

என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து சொன்னாள்: “இத்தன வருஷத்துல ஒரு சாமான வாங்குன்னு உங்க வாயால சொல்லி நான் கேட்டதே இல்ல. அவன் பொழைக்கறதுக்குப் போறான். அதுலயும் குத்தமா?”

அவன் செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த நெட் சென்டருக்குப் போய் அந்தக் கேமராவையே வாங்கினான். தளத்தின் வழியாகப் பணம் கட்டினால், பொருள் வந்து சேரும்வரை பணத்தைத் தளமே பிடித்து வைத்திருக்கும். வில்லங்கம் வந்தால் வாங்கியவன் முறையிடலாம். விற்பவர் போனில் பேசி, தன் வங்கிக் கணக்கிலேயே நேராகப் போட்டால் இன்னும் கொஞ்சம் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார். போட்டுவிட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சொன்னான். சொன்ன விதத்தில், என்னிடமிருந்து அந்தக் கொஞ்சத்தையும் பிடுங்கிக்கொண்ட திருப்தி இருந்தது.

கேமரா வந்தது. பளபளவென்று இருந்தது. அவன் ஒரு ஸ்வீட் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, என்னை வாசலில் நிறுத்திப் படமெடுத்தான். படம் துல்லியம். என் முகத்தில் இருந்த ஏமாற்றம்கூடத் தெளிவாகப் பதிந்திருந்தது.

“இன்னா மாமா, ஒற எடுத்த படமா இது?”

மாமனார் வீட்டில் அந்த மாதம் முழுக்க நான்தான் தமாஷ். யாராவது கத்திரிக்காய் வாங்கினால்கூட, “மாமாகிட்ட காட்டு, எத்தினி பர்சன்ட்னு சொல்வாரு” என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன். வேறு வழியில்லாதபோது நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று பெயர் எடுப்பது சுலபம்.

திருக்கழுக்குன்றம் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பு முழுக்கக் கேமரா நன்றாக வேலை செய்தது. காலையில், மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாரானபோது, ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. திரையில் ஏதோ பிழை எண் வந்தது. அணைத்துப் போட்டான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். தாலி ஏறிவிட்டது. பெண்ணின் அப்பாவிடம் கடைசியில் இருந்தது, பந்தலில் உட்கார்ந்திருந்த யாரோ செல்போனில் எடுத்த ஒரு படம். அதில் மாப்பிள்ளையைவிட ஐயர் முதுகு பெரிது. பெண்வீட்டார் அவனைக் கைநீட்டி அடிக்கவில்லை. ஸ்டூடியோக்காரர் அவன் போனை எடுக்கவில்லை. இரண்டில் எது மேல் என்று அவனே முடிவு செய்ய முடியாமல் இருந்தான்.

சென்னையில் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த பெண் வரிசை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது இந்தியாவில் விற்கவென்று வந்த சரக்கு இல்லை, உத்தரவாதம் செல்லாது, காசு கொடுத்தால் ஷட்டரை மாற்றலாம் என்றாள். பிறகு உள்ளே போய்ச் சோதித்து வந்து, ஷட்டர் ஏற்கெனவே ஏகப்பட்ட தடவை ஓடியிருக்கிறது, புதுசென்று வாங்கியிருந்தால் புதுசு இல்லை என்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் அவனால் மன்னிக்க முடியாமல் போயிற்று என்று நினைக்கிறேன். நான் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தளத்துக்கு எழுதினோம். பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே எங்கள் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது, ஆனால் மதிப்பீடு எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு என்று மரியாதையாகப் பதில் வந்தது.

எழுதினோம். அவன் கணக்கில், என் கையால். பழைய கேமராவைப் புதிது என்று விற்றார், கம்பெனி உத்தரவாதம் இல்லை, முகூர்த்தத்தில் நின்றது என்று, மோசம் என்பதற்கான சிவப்புக் குறி போட்டு மூன்றே வரி. இடம் அவ்வளவுதான் கொடுப்பார்கள். என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே ஒரு சொல் கூட மிகாத உரைநடை அதுதான். இரண்டு நாள், பத்திரிகையில் கதை வந்தவனைப் போல, அடிக்கடி போய்ப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு விற்பவரே போன் செய்தார். கேமராவைப் பற்றிப் பேசவில்லை. சிவப்புக் குறியைப் பற்றித்தான் பேசினார். பாதிப் பணம் திருப்பித் தருகிறேன், குறியைப் பச்சையாக மாற்றிவிடுங்கள் என்றார். விற்பவர் கோரினால், எழுதியவர் ஒருமுறை திருத்தி எழுதத் தளமே வழி வைத்திருந்தது.

“மாத்தாதே” என்றேன். “அடுத்து வாங்குறவன் எதைப் பார்த்து வாங்குவான்?”

“அடுத்து வாங்கறவன் என் பொண்டாட்டி செயின மூட்டுக் குடுப்பானா மாமா?”

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

“உன் கையால வோணாம். நானே பாத்துக்கறேன்” என்று செங்கல்பட்டுக்குப் போனான். சாயங்காலம் என் மூன்று வரி இருந்த இடத்தில், நெட் சென்டர்க்காரர் உதவியோடு, வேறு வந்திருந்தது. அருமையான பொருள். அருமையான விற்பனையாளர். தைரியமாக வாங்கலாம். பாதிப் பணமும் சொன்னபடி வந்து சேர்ந்தது. அந்த மனிதர் வாக்குத் தவறாதவர் என்பதை நான் மறுக்கவில்லை.

அந்தப் பணம் ஷட்டருக்கே போதவில்லை. மேலே கொஞ்சம் போட்டு மாற்றினான். சங்கிலி அடகிலேயே இருந்தது. கேமரா சரியானது, சீசன் வேறொருவனுக்குப் போயிருந்தது. அவன் அதே ஸ்டூடியோவில், இன்னொருவன் எடுக்கும்போது விளக்குப் பிடிக்கிற வேலைக்குச் சேர்ந்தான்.

சில வாரம் கழித்து எதிர் பிளாக்கில் இருந்த பொறியாளர் வந்தார். மகனுக்குக் கேமரா வாங்க வேண்டுமாம். அதே விற்பவரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “கேமரா வாங்கினவங்க கொஞ்சம் பேர்தான் சார். ஆனா நம்ம மாமல்லபுரத்துக்காரர் ஒருத்தரே நல்லா எழுதியிருக்கார் பாருங்க.”

என் மச்சினன் தன் கணக்குக்கு ஊர் பெயரைத்தான் வைத்திருந்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறை, அனுப்புபவர், உத்தரவாதம், முகூர்த்தம், பாதிப் பணம், பச்சைக் குறி. என் மனைவி காபியை வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார்.

“மச்சினன் மேல அவ்வளவு கோவமா சார்? எல்லா வீட்லயும் இருக்கறதுதான்.”

அந்த விற்பவரிடமே கேமரா வாங்கினார். அது புத்தம் புதிதாக இருந்தது. அவர் அங்கே இருந்த காலம்வரை ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. பச்சைக் குறி போட்டுவிட்டு எனக்கும் காட்டினார்.

“பாத்தீங்களா” என்றாள் என் மனைவி. “அன்னிக்கு உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வந்திருந்தா, என் தம்பிக்கும் நல்லதா வந்திருக்கும்.”

வீட்டு விசேஷங்களுக்கு அவன்தான் இப்போதும் படமெடுக்கிறான், காசு வாங்குவதில்லை. எல்லாப் படத்திலும் எல்லோரும் லட்சணமாக விழுந்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு தோளும் பாதிக் கண்ணாடியும் தெரியும். அது நான்.