செட்டில் பண்ணிக்கலாம்

என் அக்காவின் கணவரை நான் நாற்பது வருடமாக அத்தான் என்று கூப்பிட்டு வருகிறேன். வாயால் மட்டும்தான். மனசுக்குள் வேறு பெயர்கள் உண்டு, அவற்றை அச்சில் போட முடியாது.

ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் அவர் மண்டோராக, கூலிகளை மேய்க்கும் கங்காணியாக இருந்தவர். ரப்பர்ப் பால் மரம் போய் செம்பனை வந்தும், எஸ்டேட் வீட்டைக் காலி செய்து தாமான் குடியிருப்புக்கு வந்தும், பென்ஷன் வாங்கியும் மண்டோர்த்தனம் மட்டும் போகவில்லை. எந்தக் காரியத்துக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "செட்டில் பண்ணிக்கலாம்லா." ரோட் டாக்ஸ் முடிந்த மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போவார், போலீஸ் பிடித்தால் செட்டில் பண்ணிக்கலாம். சிரம்பான் பஸ்ஸில் சில்லறை கொடுக்காமல் ஏறுவார், இறங்கும்போது செட்டில் பண்ணிக்கலாம். இந்த அழகில் ஊருக்கு அறிவுரை வேறு சொல்வார்.

அக்கா அந்த எஸ்டேட் ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். போன வருடம் அவளுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். பிழைத்து எழுந்தால் வேளாங்கண்ணிக்கு வருகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நேர்ச்சைக்காக வீட்டில் நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்றுச் சேர்த்த பணத்தை இந்திய ரூபாயாக மாற்றி, ஜெபப் புத்தகத்து உறைக்குள் வைத்திருந்தாள்.

முதலில் நானும் அத்தானும் போவதாகத்தான் ஏற்பாடு. அக்காவுக்குப் பதிலாக நேர்ச்சை செலுத்த. கடைசி வாரத்தில் டாக்டர், "போகலாம், கனமா எதையும் தூக்காதீங்க" என்றுவிட்டார். அவளுக்கும் விமான டிக்கெட் எப்படியோ கிடைத்துவிட்டது. சென்னையில் இறங்கி, மறுநாள் காலை எழும்பூரில் ரயில் ஏறி மயிலாடுதுறை, அங்கிருந்து பஸ்ஸில் வேளாங்கண்ணி. வேளாங்கண்ணியில் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மாலையும் ஒரு இரவும்தான். அதற்கு அடுத்த நாள் சென்னைக்குத் திரும்பி வந்து விமானம் பிடிக்க வேண்டும். அன்று மாலைப் பூசைக்கு அக்கா போய்ச் சேரவில்லை என்றால் நேர்ச்சை அவ்வளவுதான். இன்னொரு முறை வர அவளுக்கு உடம்பும் இல்லை, பணமும் இல்லை.

ரயில் டிக்கெட்டை அத்தான்தான் ஏற்பாடு செய்தார், சென்னையில் நாங்கள் தங்கிய லாட்ஜ் மேனேஜர் மூலம், ஆன்லைனில். எனக்கும் அத்தானுக்கும் முன்னமே எடுத்தது, உறுதியான இடம். அக்காவுக்குப் பிறகு தனியாக எடுத்தது, காத்திருப்போர் பட்டியலில் நின்றது. "அதெல்லாம் வந்துடும்லா. நம்மூரு மாதிரி இல்ல, இங்க எல்லாம் ஆள் இருக்கு" என்றார். அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது.

புறப்பட்ட காலை, லாட்ஜ் மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஏதோ சொல்லி, சில நோட்டுகளை எண்ணிக் கொடுத்ததை மாடிப்படியில் இருந்து பார்த்தேன். அத்தான் அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் விளக்கம் வரும் என்ற சோம்பல். அந்தச் சோம்பலுக்காக என் மீதும் எனக்கு மரியாதை இல்லை.

ரயிலில் ஸ்லீப்பர் பெட்டி. எங்கள் இருக்கைகளுக்கு நடுவே அக்காவை உட்கார வைத்துவிட்டு, அத்தான் சன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் பண்ணிய வயிற்றைக் கையால் அணைத்தபடி அக்கா நடுவில் இடுங்கி உட்கார்ந்தாள். தாம்பரம், செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் எல்லாம் கடந்தது. வழி முழுக்க அத்தான் இந்தியாவைத் திருத்திக்கொண்டு வந்தார். பிளாட்பாரம் சரியில்லை, டீ சரியில்லை, பனைமரம்கூட நம்மூர்ச் செம்பனை மாதிரி வரிசையாக இல்லையாம்.

திண்டிவனம் தாண்டிய பிறகுதான் டிக்கெட் பரிசோதகர் வந்தார். கறுப்புக் கோட்டு போட்ட நடுவயதுப் பெண். கையில் ஒரு சிறு கருவி, அதில் பயணிகள் பட்டியல். என் பெயரைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சரி. அத்தானும் சரி. பிறகு அக்காவின் தாளை வாங்கிப் பார்த்தார், கருவியைப் பார்த்தார்.

"இவங்க பேரு சார்ட்ல இல்லீங்களே."

"இருக்கும்லா. நல்லா பாருங்க" என்றார் அத்தான்.

"நல்லாத்தான் பாத்தேன் சார். இது ஆன்லைன்ல எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட். சார்ட் போடும்போது இடம் கிடைக்கலன்னா தானாவே கேன்சல் ஆயிடும். பணம் புக் பண்ணினவங்க கணக்குக்கே திரும்பிடும். இத வச்சிகிட்டு ஏறவே கூடாது. இப்ப இவங்க டிக்கெட் இல்லாம வர்றதாத்தான் அர்த்தம்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வாழ்நாளில் அடுத்தவர் மரத்து ரம்புத்தானைக்கூட கேட்காமல் பறிக்காதவள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்தார்கள்.

அத்தான் ஆச்சரியப்பட்டார். என்ன நடிப்பு! "அப்படியா? நமக்கு யாரும் சொல்லலையே!" காலையில் மேனேஜர் சொன்னதும் அதுதான், கொடுத்ததும் அந்தப் பணம்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ரயில்வே திருப்பித் தர நாளாகும் என்று அந்த மனிதர் தன் கையிலிருந்தே கொடுத்திருக்கிறார். கூடவே, ஏற வேண்டாம் என்றும் சொல்லியிருப்பார். பக்கத்திலேயே பஸ் இருந்தது, வாடகைக் கார் இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும்.

"இப்ப என்ன பண்ணணும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. கட்டணமும் அபராதமும் கட்டினா ரசீது போட்டுத் தர்றேன், அதுதான் உங்க டிக்கெட். எங்க ஏறினீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "செங்கல்பட்டு."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "செங்கல்பட்டுல ஏறினதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா? இந்த வண்டியில இப்பத்தான் முதல் செக்கிங். எங்க ஏறினாங்கன்னு சந்தேகம் இருந்தா வண்டி கிளம்பின இடத்துலேர்ந்துதான் போடணும். அதோட, நீங்க மூணு பேரும் ஒண்ணாத்தானே வர்றீங்க? உங்க டிக்கெட் எழும்பூர்லேர்ந்து இருக்கு."

அத்தான் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். பாஸ்போர்ட் உறைக்குள் இருந்து ஐம்பது ரிங்கிட் நோட்டை மடித்து, உள்ளங்கையில் மறைத்து நீட்டினார். சிரம்பானில்கூட இவ்வளவு அசிங்கமாக நீட்டியதில்லை. "கோப்பி குடிச்சிக்கங்க. செட்டில் பண்ணிக்கலாம்."

"உள்ள வைங்க சார்." குரலை உயர்த்தவே இல்லை. "இன்னொரு தடவ நீட்டினா அதுக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்."

பிறகு அக்காவைப் பார்த்துத்தான் பேசினார். "எழும்பூர்லேர்ந்து மயிலாடுதுறை வரைக்கும் ஸ்லீப்பர் கட்டணம். அது போக மிகைக்கட்டணம். இதுவரைக்கும் வந்த தூரத்துக்கு என்ன கட்டணமோ அதே அளவு, இல்லன்னா இருநூத்தம்பது ரூபா, ரெண்டுல எது அதிகமோ அது. இந்தத் தூரத்துக்குக் கட்டணம் குறைவு, அதனால இருநூத்தம்பது. ஏறுறதுக்கு முன்னாடியே ரயில் கார்டுகிட்ட சொல்லி, அனுமதிச் சீட்டு எழுதி வாங்கியிருந்தீங்கன்னா இந்த இருநூத்தம்பது வந்திருக்காது. கட்டணம் மட்டும்தான்."

"கட்டலன்னா?" என்றார் அத்தான். வீரம்.

"விழுப்புரத்துல ரயில்வே போலீஸ்கிட்ட ஒப்படைப்போம். அங்கேர்ந்து மேஜிஸ்ட்ரேட்."

அப்போதுதான் அந்த மனிதர் வாயிலிருந்து அது வந்தது. நான் அவரை வெறுத்த நாற்பது வருடத்துக்கும் அது ஒன்றே போதும். "அப்பன்னா விழுப்புரத்துல இவள இறக்கிவிட்டுருங்க. பஸ் புடிச்சி வந்துருவா. நாங்க முன்ன போயி ரூம் எடுத்து வக்கிறோம்."

இன்னும் கனம் தாங்காத வயிறு. ஊர் தெரியாது. கையில் உள்ளூர் போன்கூட இல்லை. விழுப்புரம் என்ற பெயரையே அவள் அன்றுதான் கேட்டிருப்பாள். அவளை இறக்கிவிட்டு, இவர் சன்னல் ஓரத்தில் காற்று வாங்கிக்கொண்டு போவாராம்.

"இறங்கினாலும் விழுப்புரம் வரைக்கும் கட்டணம் கட்டணும் சார். அந்த இருநூத்தம்பதும் கட்டணும். உங்களுக்கு மிச்சமாகறது கொஞ்சூண்டு. ஒரு சாப்பாட்டுக்காசுகூட வராது" என்றார் அந்தப் பெண். சொல்லிவிட்டு, "இவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

அத்தான் சன்னலைப் பார்த்தார்.

"சம்சாரம்" என்றாள் அக்கா.

நான் கைப்பையைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். ஜெபப் புத்தகத்தின் உறையைப் பிரித்து நேர்ச்சைப் பணத்தை எடுத்தாள். எண்ணக்கூட இல்லை, அப்படியே நீட்டினாள். அந்தப் பெண் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். எங்கிருந்து எங்கே, கட்டணம் எவ்வளவு, மிகைக்கட்டணம் எவ்வளவு என்று ரசீது போட்டார். அக்கா அதை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"அடுத்த பெட்டியில ஒரு கீழ் பெர்த் காலியாப் போகுது. அது உங்களுக்கு. வயித்த மடிக்காம நல்லா காலை நீட்டி உக்காருங்கம்மா."

வயிற்றைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் சொல்லவில்லை. பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார். பக்கத்திலேயே வாழ்கிறவருக்கு அது தெரியவில்லை.

அக்கா எழுந்தாள். நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டேன். "எங்க போறீங்க ரெண்டு பேரும்? சாப்பாட்டுப் பொட்டலம் யாருகிட்ட இருக்கு?" என்று அத்தான் கேட்டார். பொட்டலம் என்னிடம்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மயிலாடுதுறை வரை அவர் எங்கள் பெட்டிப் பக்கம் வரவில்லை. மானம் என்று நினைக்காதீர்கள். சன்னல் ஓர இடம் போய்விடும் என்ற பயம்.

மயிலாடுதுறையில் இறங்கியதும் அவர் பஸ்ஸுக்கு அவசரப்படுத்தினார். திரும்பும் டிக்கெட்டையும் அதே மேனேஜரை வைத்து 'பார்த்துக்கலாம்' என்பது அவர் திட்டம். அக்கா நேராக முன்பதிவுக் கவுண்டருக்குப் போனாள். "ஃபாரத்துல எழுது" என்றாள் என்னிடம். மறுநாள் எழும்பூர் வண்டி, உட்காரும் வகுப்பு. அவள் பெயர், வயது. என் பெயர், வயது. மூன்றாவது வரிக்கு வந்து பேனாவை நிறுத்தி நிமிர்ந்தேன்.

"போதும்" என்றாள்.

இடம் இருந்தது. டிக்கெட்டைக் கையில் வாங்கி, இரண்டு பெயரும் உறுதி என்று இருப்பதைக் கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நகர்ந்தாள். பஸ் பிடித்தோம். மாலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது கோயிலுக்குள் இருந்தோம். உண்டியலில் போட்டது குறைந்துபோன நேர்ச்சைதான். கூடவே அந்த ரசீதையும் மடித்துப் போட்டாள். கணக்கு மாதாவுக்குத் தெரியட்டும் என்றாள்.

பூசை முடிந்து கடற்கரையில் மாங்காய் தின்றுகொண்டிருந்தபோது அத்தான் அந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதான் இருக்கு. என்னுது எங்க?"

அக்கா மாங்காயில் உப்பைத் தடவினாள்.

"ஏறிக்கங்கலா" என்றாள். "செட்டில் பண்ணிக்கலாம்."