வாத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி

எகிப்தில், மரச்சாமானுக்குப் பேர்போன தும்யாத் நகரத்தில் மரவேலை தெரியாத ஆண்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. வக்தீக்கு மரவேலை தெரியாது. ஆனாலும் இரண்டு முறை நிச்சயமானது. இரண்டு முறையும் வீட்டு விஷயத்தில் கலைந்தது. பெண் வீட்டார் ஃப்ளாட்டைக் காட்டச் சொன்னார்கள். காட்டினார். அதில் அவருடைய அம்மா இருந்தாள். அம்மா காலமாகி ஃப்ளாட் காலியானபோது, பார்க்க வருவதற்குப் பெண் வீட்டார் என்று ஒருவரும் மிச்சமில்லை. தலையில் முடியும் அதிகம் மிச்சமில்லை.

நாற்காலி, கட்டில் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஹாஜ் ஃபிக்ரியின் அச்சுக்கடை. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான் வக்தீயின் பிழைப்பு. ஊரார் அவரை முஹந்திஸ் என்பார்கள், இஞ்சினியர் என்று பொருள். அவர் இஞ்சினியரிங் கல்லூரி வாசலைக் கூட மிதித்ததில்லை. எங்கள் நாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன் இஞ்சினியர், கண்ணாடி போட்டவன் டாக்டர், இரண்டும் இல்லாதவன் பாஷா. மரியாதைக்கு மட்டும் இங்கே பஞ்சமே வந்ததில்லை.

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் கடைக்கு வருவார்கள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா, இன்னும் கொஞ்சம் செவப்பா" என்று திரையில் விரலை வைத்துக் கறையாக்குவார்கள். டீ வரும். சண்டை வரும். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது, வாட்ஸ்அப்பிலேயே போகிறது. அந்த நாற்காலிகளின் மேல் காகிதக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஹாஜ் ஃபிக்ரி வியாழக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் வக்தீயிடம் பேசுவது அச்சு இயந்திரம் ஒன்றுதான். அதுவும் மை தீர்ந்தால்தான் பேசும்.

வேலையில் பாதி, வெள்ளைப் பெட்டியை எடுப்பது. ஊரில் எல்லாரிடமும் ஒரு லோகோ இருக்கிறது. எல்லா லோகோவையும் ஒரு வெள்ளைப் பெட்டி சுற்றியிருக்கிறது. காரணம் எளிது. ஜேபெக் படத்துக்கு 'இங்கே ஒன்றும் இல்லை' என்று சொல்லத் தெரியாது. ஒவ்வொரு புள்ளியிலும் ஏதாவது ஒரு நிறம் இருந்தே ஆக வேண்டும். எதுவும் இல்லாத இடத்தில் வெள்ளையை அடைத்துவிடும். பிஎன்ஜி அப்படியில்லை. ஒன்றும் இல்லாத இடத்தை ஒன்றும் இல்லாமலே வைத்துக்கொள்ளும். ஒன்றும் இல்லாததை வைத்துக்கொள்வதில் வக்தீக்கும் நல்ல பழக்கம் உண்டு என்பதால், அந்த வேலை அவருக்குப் படிந்துவிட்டது.

ஒரு நாள் புதிய எண்ணிலிருந்து ஒரு வாத்து வந்தது. ஆரஞ்சு வட்டத்துக்குள் வெள்ளை வாத்து. கீழே 'இன்ஷிராஹ் சமையல்' என்று எழுத்து. சுற்றிலும் வெள்ளைப் பெட்டி. பின்னாலேயே ஒரு குரல் செய்தி.

"உஸ்தாஸ் வக்தீ, நான் இன்ஷிராஹ். வாத்து சமைச்சு விக்கிறவ. இந்தப் படத்தை எங்க வச்சாலும் ஃப்ரிட்ஜுக்குள்ள மாட்டின மாதிரி நிக்குது. அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துடுங்க. வாத்து மேல கை வச்சுடாதீங்க, அது பாவம்."

ராஸ் அல் பர் கடற்கரையில் ஒரு ஹோட்டல், கோடைகால மெனுவில் அவளுடைய வாத்தைப் போடப்போகிறதாம். மெனுப் பக்கம் கருநீலம். லோகோ சுத்தமாக வந்தால் பெயரோடு போடுவார்கள். வராவிட்டால் வெறும் 'வாத்து' என்று போட்டுவிடுவார்கள். வீட்டு அடுப்பில் வெங்காயமும் மசாலாவும் திணித்து இத்தனை வருடம் வாத்து சமைத்தவளுக்கு, தன் பெயரில்லாத வாத்து எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. லோகோவை வரைந்த மருமகன் இத்தாலிக்குப் போய்விட்டான். அசல் அவனுடைய பழைய கம்ப்யூட்டரோடு எங்கேயோ விற்றுப்போனது. மிஞ்சியது போன் போனாகக் கைமாறி வந்த இந்த ஜேபெக்தான்.

வக்தீ வழக்கம்போல் வெள்ளையின் மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கினார். பெட்டி மறைந்தது. கூடவே வாத்தும் மறைந்தது. வாத்தின் வால் வட்டத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வாலும் வெள்ளை, பெட்டியும் வெள்ளை, நடுவில் கோடு கிடையாது. மடையில் புகுந்த தண்ணீர் வயல் முழுக்கப் பாய்வது போல, கம்ப்யூட்டரின் தேர்வு வால் வழியாகப் புகுந்து அலகு வரை போய்விட்டது. மிஞ்சியது வாத்து வடிவத்தில் ஒரு ஓட்டை. வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியாது. அழகான வாத்தாகவே நிற்கும். அதை நம்பி அனுப்பிவிட்டு, கருநீலத்தில் போட்டதும் நீல வாத்தைப் பெற்றெடுத்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். வக்தீ அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர். எதையும் முதலில் அடியில் ஒரு கறுப்புத் தளத்தைப் போட்டுத்தான் பார்ப்பார்.

ஆகவே வாத்தைக் கையால்தான் பிரிக்க வேண்டும். பேனாக் கருவியை எடுத்து அலகிலிருந்து வயிறு வரை பாதை போட்டார். வாலில் வந்து கை நின்றது. வால் எங்கே முடிகிறது என்று படத்துக்கே தெரியாது. அவராக அழகாக ஒரு சுருள் போட்டு, வெளியே நீட்டிய பகுதிக்கு மெல்லிய சாம்பல் கோடும் இழுத்து, சரியா என்று கேட்டு அனுப்பினார்.

வந்த குரல் செய்தி ஒரு டீ ஆறும் அளவுக்கு நீளம். பின்னால் குக்கர் விசில், யாரோ குழந்தையின் அழுகை, ஜன்னல் வழியே காய்கறி வண்டிக்காரன் சத்தம்.

"உஸ்தாஸ், வால் சுருண்டா அது ஆண் வாத்து. நான் சமைக்கிறது பொட்டை வாத்து. என் பேருக்கு மேல ஆண் வாத்தை வச்சா தெருவே சிரிக்கும். வாலை நேரா விடுங்க. நீங்க பாத்ததில்லையா? உங்க வீட்டுல வாத்து வாங்க மாட்டாங்களா?"

வக்தீ அதை இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டார். வாலுக்காக அல்ல.

வாலை நேராக்கினார். வட்டத்தின் விளிம்பைப் பெரிதாக்கினால் ஜேபெக்கின் அழுக்கு தெரிந்தது. ஆரஞ்சைச் சுற்றிச் சாம்பலும் வெள்ளையுமாகத் தூசு. அதை விட்டால் கருநீலத்தில் வாத்துக்கு நரைத்த தாடி முளைத்தது போலிருக்கும். விளிம்பை ஒரு புள்ளி உள்ளே இழுத்து, ஓரத்தில் கலந்திருந்த வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சை ஏற்றினார். எழுத்துக்களை அந்த மங்கலிலிருந்து காப்பாற்ற வழியில்லை. அதே மாதிரி எழுத்துருவைத் தேடிப் பிடித்து புதிதாகவே எழுதினார். கறுப்பில் வைத்தார், நீலத்தில் வைத்தார், சிவப்பில் வைத்தார். வாத்து வெள்ளையாக நின்றது. சுற்றிலும் ஒன்றுமில்லை. திரையில் சாம்பல் கட்டம். அதாவது சுத்தமான இல்லாமை. பிஎன்ஜியாகச் சேமித்து அனுப்பினார்.

பதில் உடனே வந்தது. "உஸ்தாஸ், பெட்டி அப்படியே இருக்கு."

வக்தீ சிரித்துக்கொண்டார். அவசரத்தில் புகைப்படமாக அனுப்பியிருந்தார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது போகும் வழியில் மறுபடி ஜேபெக் ஆகிவிடும். வெற்றிடம் திரும்பவும் வெள்ளையாகிவிடும். கோப்பாக, டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதை எழுதவும் ஆரம்பித்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த குரல் வந்தது.

பெட்டி போகாததில் அவளுக்குக் கோபமில்லை. அவர் கண்ணைக் கெடுத்துக்கொள்வதாகத்தான் வருத்தம். மருமகன் மிலானில் பாத்திரம் கழுவுவதையும், பக்கத்து வீட்டுக்காரி இவளுடைய மசாலாவை மோப்பம் பிடித்தே சமைப்பதையும் சொன்னாள். கடைசியில், "சாப்பிட்டீங்களா உஸ்தாஸ்? வீட்டுல என்ன சமையல்?" என்றாள்.

எழுதியதை வக்தீ அழித்தார். 'பார்க்கிறேன் ஹாஜ்ஜா, வீட்டில் மொலோகியா' என்று அனுப்பினார். கையில் இருந்தது கடையில் வாங்கிய ஃபூல், அவித்த மொச்சைப் பொட்டலம்.

மறுநாள் அதே கோப்பை, அதே படமாக, மறுபடி அனுப்பினார். பெட்டியில்லாமல் கிளம்பியது. பெட்டியோடு போய்ச் சேர்ந்தது. கூடவே குரலும் வந்தது. பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவள் கேட்க, இரண்டு என்றார். அனுப்பிய பிறகு, பெயர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்து அந்த இரண்டுக்கும் பெயர் வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் மந்திரிகள் இதைவிடப் பெரிய விஷயங்களை இதே முறையில் ஒத்திவைக்கிறார்கள். யாரும் அவர்களைத் தனிமையில் வாடுகிறவர்கள் என்று சொல்வதில்லை.

ஒரு நாள் அவளுடைய செய்தியில் குக்கர் சத்தம் இல்லை.

"உஸ்தாஸ், ஹோட்டல்காரன் நாளைக்கு அச்சுக்குக் குடுக்குறானாம். லோகோ வேணாம், பேரும் வேணாம், வாத்துன்னு மட்டும் போட்டுக்குறேங்கிறான். உங்களைக் குத்தம் சொல்லல. என் வாத்துக்கு அவ்வளவுதான் எழுதியிருக்கு போல."

அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றிக் கேள்வியில்லை.

வக்தீ திரையைப் பார்த்தார். வாத்து தயாராகி எத்தனையோ நாளாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. இதை அனுப்பினால் பெட்டி போய்விடும். பெட்டியோடு மற்றதும் போய்விடும். அனுப்பாவிட்டால் அவளுடைய பெயர் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் நிற்க வால் அளவு இடம் கூட இல்லை. கோப்பைத் தன்னுடைய இன்னொரு எண்ணுக்கு முதலில் டாக்குமெண்டாக அனுப்பி, கருநீலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு அவளுக்கு அனுப்பினார். 'இதை அப்படியே டாக்குமெண்டாக ஹோட்டல்காரருக்குத் தள்ளிவிடுங்கள். படமாக அனுப்பாதீர்கள். தவறு என்னுடையது' என்று எழுதினார். என்ன தவறு என்று எழுதவில்லை.

வந்தது ஒரு கைகூப்பல். பிறகு ஒன்றுமில்லை. சுத்தமாக.

கோடை பிறந்தபின் அவளுடைய இணையப் பக்கத்தில் மெனுவின் படத்தைப் பார்த்தார். பெயர் இருந்தது. ஹோட்டல்காரன் கடைசி நேரத்தில் மையை மிச்சம்பிடித்துப் பக்கத்தை வெள்ளையாகவே அச்சடித்திருந்தான். பெட்டியோடு கொடுத்திருந்தாலும் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. வெள்ளைத் தாளில் வாத்தின் வால் தெரிந்தது அவர் இழுத்த அந்தச் சாம்பல் கோட்டால் மட்டும்தான். நேரான வால். வக்தீ படத்தைப் பெரிதாக்கி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அந்த வாரமே டெலிவரிக்காரன் ஒருவன் கடைக்கு வந்து ஒரு வெள்ளை அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனான். மேலே ஆரஞ்சு வட்டம். உள்ளே முழு வாத்து, வயிறு நிறைய வெங்காயம், சூடு ஆறாமல். பின்னால் போனில் குரல். குக்கர் சத்தம் திரும்பியிருந்தது.

"உஸ்தாஸ், மெனு வந்த நாளிலேருந்து அடுப்பை விட்டு நகர முடியல, அதான் பேசல. இது உங்க வீட்டுக்கு. வீட்டுக்காரம்மாவும் பிள்ளைங்களும் நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க. எப்படி இருந்துச்சுன்னு அவங்க சொன்னதையும் சொல்லணும்."

வக்தீ வாத்தை வீட்டுக்கு எடுத்துப்போனார். ஐந்து பேர் சாப்பிடக்கூடிய வாத்து. ஒரு கால் சாப்பிட்டார். நன்றாக இருந்தது, அவ்வளவு நன்றாக இருந்திருக்க வேண்டாம். மீதியைப் பிரித்து ஃப்ரிட்ஜில் அடுக்கினார்.

பிறகு போனை எடுத்து, "எல்லாரும் ரொம்ப நல்லா இருக்குன்னாங்க, ஹாஜ்ஜா. சின்னவன் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிட்டான்" என்று பதிவு செய்தார். அனுப்புவதற்கு முன் ஒரு முறை போட்டுக் கேட்டார். குரல் சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

அழித்தார். டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்து, சமையலறைக் குழாயையும் கொஞ்சம் திறந்துவிட்டு, மறுபடியும் பேசினார்.