முப்பதாவது டேப்லெட்

நான் தமிழ் ஆசிரியை. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. எனக்கு முன்கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதையில் பாதி போய்விடும்.

சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை எங்கள் எட்டாம் வகுப்புக்கு முப்பது டேப்லெட் அனுப்புவதாகச் சொன்னது. அங்கிருந்து பேசியவர், பள்ளியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆசிரியர் யாரென்று கேட்டார். எங்கள் தலைமையாசிரியை ஸ்பீக்கரில் போட்டுப் பதில் சொன்னார். "கம்ப்யூட்டர் டீச்சர் இல்லைங்க. தமிழ் டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க. பரவாயில்லைங்களா?"

அந்தப் 'பரவாயில்லைங்களா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. நானே முன்னால் போய், "நான் பாத்துக்கறேங்க" என்றேன்.

அவர் விளக்கினார். ஒவ்வொரு டேப்லெட்டிலும் ஒரு மேனேஜ்மென்ட் ப்ரொஃபைல் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அந்தக் கருவி பள்ளியுடையது என்று பதிவாகிவிடும். பிறகு பாட ஆப்களை ஒவ்வொன்றிலும் தனித்தனியாக இறக்க வேண்டியதில்லை. அலுவலகக் கம்ப்யூட்டரில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து ஒரு முறை ஒதுக்கினால் எல்லாவற்றிலும் தானாக வந்து உட்காரும். பிள்ளைகள் கேம் எதையும் ஏற்ற முடியாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முப்பதும் ஐந்து ஆப்களோடு அந்தப் பக்கத்தில் தெரிய வேண்டும் என்றார். இல்லையென்றால், கீழ்பென்னாத்தூர் பக்கம் கம்ப்யூட்டர் லேப் உள்ள ஒரு பள்ளி கேட்டுக்கொண்டிருக்கிறதாம், அங்கே கொடுத்துவிடுவார்களாம்.

சனிக்கிழமை பௌர்ணமி. வெள்ளி மதியத்திலிருந்தே எங்கள் பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். அதற்கப்புறம் போனில் ஒரு படம் திறப்பதற்கே காத்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியின் இணையமும் சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டர்தான். ஆகவே எனக்கு மதியத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஊருக்குள் எனக்குப் பயிற்சி வகுப்பு. டேப்லெட்டுகள் வந்து சேர்ந்தபோது நான் பள்ளியில் இல்லை. புதன்கிழமை பள்ளிக்கு வந்து பார்த்தால் முப்பது பெட்டியும் பிரிந்து கிடந்தன. டேப்லெட் ஒவ்வொன்றின் முதுகிலும் சந்தனம், குங்குமம். முந்தின நாள் நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டிருக்கிறார்கள். ஆன் செய்ததும் கூகுள் கணக்கு கேட்டதாம். ஆசிரியைகள் ஆளுக்குச் சிலதை எடுத்துத் தங்கள் சொந்த ஜிமெயிலைக் கொடுத்து உள்ளே போய், படமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ப்ரொஃபைலை ஏற்ற அறக்கட்டளை அனுப்பிய கியூ.ஆர். குறியீட்டை, டேப்லெட்டைப் புத்தம்புதிதாகத் திறக்கும்போது வரும் வரவேற்புத் திரையில்தான் ஸ்கேன் செய்ய முடியும். அந்தத் திரையை ஆறு தடவை தட்டினால் கேமரா திறக்கும். இவர்கள் முப்பதிலும் அந்தத் திரையைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"யாரு இதெல்லாம் தொறக்கச் சொன்னது? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" ஸ்டாஃப் ரூமே அதிரக் கத்தினேன்.

தலைமையாசிரியை எழுந்தார். "நான்தான் சொன்னேன் டீச்சர். புதுப் பொருளு, நல்ல நேரத்துல போடணும்னு."  நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்க வேண்டியதுதான். கையில் கிடைத்த முதல் டேப்லெட்டை, வீடியோவில் பார்த்த மாதிரி, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்து அழித்தேன். எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்களே என்ற கெத்துதான். அது அழிந்து, திரும்ப எழுந்து, முன்பு இதில் இருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கொடு என்று நின்றுவிட்டது. செட்டிங்ஸ் வழியாக அழித்திருந்தால் கேட்டிருக்காது. பட்டனை அழுத்தி அழித்தால், திருடன் கையில் மாட்டிவிட்டதோ என்று அது பூட்டிக்கொள்ளும். இதை நான் படித்தது அதற்கப்புறம்.

அந்தக் கணக்கு தலைமையாசிரியையுடையது. முந்தின நாள் அவர் தொட்டுத் தொடங்கி வைத்த டேப்லெட்தான் என் கையில் மாட்டியிருந்தது. பாஸ்வேர்ட் அவருக்குத் தெரியாது. பெங்களூரில் இருக்கும் மகன் போட்டுக் கொடுத்தது. மகன் போனை எடுக்கவில்லை.

மற்ற இருபத்தொன்பதையும் செட்டிங்ஸ் வழியாகவே பொறுமையாக அழித்தேன். வியாழக்கிழமை காலை ஈரத்துணியால் கேமராக்களின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்துவிட்டு ஸ்கேன் செய்ய ஆரம்பித்தேன். ஆறு தட்டு, ஸ்கேன், வைஃபை. சற்று நேரத்தில் 'இந்தக் கருவி உங்கள் நிறுவனத்துக்கு உரியது' என்று திரை சொல்லும். நிர்வாகப் பக்கத்தில் ஒரு வரி கூடும். ஒவ்வொரு வரிக்கும் நெஞ்சு ஓர் அங்குலம் நிமிர்ந்தது என்றால் மிகையில்லை.

ஐந்து ஆப்களையும் எட்டாம் வகுப்பு என்ற குழுவுக்குக் கட்டாயம் என்று ஒதுக்கினேன். எல்லாம் 'நிலுவை' என்றே காட்டின. முதலில் பதறினேன். பிறகு புரிந்தது, இருபத்தொன்பதும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன ரவுட்டரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து எடுத்துவிட்டு ஆறு ஆறாகச் சேர்த்தேன், சார்ஜில் போட்டபடியே. சாயங்காலம் பள்ளி பூட்டும்போது இருபத்தொன்பதிலும் ஐந்து ஆப்கள். முப்பதாவது மட்டும் பூட்டிக்கொண்டு மேஜைமேல் கிடந்தது. அறக்கட்டளைக்காரர் முப்பது என்றால் முப்பது என்று சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியை பேருந்து டிக்கெட் ஒன்றை நீட்டினார். அதன் பின்பக்கம் பாஸ்வேர்டை எழுதியிருந்தார். மகன் விடியற்காலையில் ஷிப்ட் முடிந்து வந்ததும் பேசினாராம். "நானே அடிக்கறேன், குடுங்க" என்று வாங்கி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திறந்தது. மறுபடியும் அழித்தேன், இந்தத் தடவை ஒழுங்காக, செட்டிங்ஸ் வழியாக. வரவேற்புத் திரை வந்ததும் அவரிடமே கொடுத்தேன். அவர் ஆறு தடவை எண்ணித் தட்டினார்.

வெளியே கடை போடுகிறவர்களின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. நான்கு ஆப்கள் வந்துவிட்டன. ஐந்தாவது நிலுவையிலேயே நின்றது. பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது அதுவும் இறங்கியது. முப்பது வரி, முப்பதும் பச்சை. என் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கலாம் போல இருந்தது எனக்கு.

சொல்லி வைத்த மாதிரி அறக்கட்டளைக்காரரின் போன் வந்தது. தலைமையாசிரியை ஸ்பீக்கரில் போட்டார். "பரவாயில்லையே மேடம். வெளியாளு யாராவது வந்து செஞ்சாங்களா?" என்றார் அவர்.

"இல்லைங்க. எங்க தமிழ் டீச்சர் செஞ்சாங்க." சொல்லும்போது தலைமையாசிரியை என்னைப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

"ஒண்ணு மட்டும் இப்பதான் சேந்திருக்குது, ஏன்?"

"அது என்னாலதாங்க. தெரியாம கைய வெச்சுப் பூட்டிக்கிச்சு" என்றார் தலைமையாசிரியை, எனக்கு முந்திக்கொண்டு.

புதன்கிழமை ஸ்டாஃப் ரூமில் என் குரல் எவ்வளவு உயரம் போனது என்பது எனக்கு நினைவிருந்தது. வெட்கமாக இருந்தது. இப்படி ஒருவரின் கீழ் வேலை செய்கிறோம் என்று பெருமையாகவும் இருந்தது. போனருகே குனிந்தேன்.

"அவங்க இல்லைங்க, நான்தான் தப்பா அழிச்சேன். மேடம்தான் அதத் தொறந்து குடுத்தாங்க."

அந்தப் பக்கம் அவர் சிரித்துவிட்டு, டேப்லெட்டுகள் எங்களுக்கே என்று சொல்லிப் போனை வைத்தார். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பிறகு முப்பதாவது டேப்லெட்டை என் கையில் கொடுத்தார்.

"நல்ல நேரம் பன்னெண்டரை வரைக்கும் இருக்குது டீச்சர். மொதல்ல எந்தப் புள்ள கையில குடுக்கறதுன்னு நீங்களே பாத்து சொல்லுங்க."