தவளைச் சாமியாரும் மின்வெட்டும்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். சாமி படம் சிரிப்பதுபோல் இருந்தால்கூட எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட நான் நான்காம் வகுப்பு படிக்கையில் ஒரு மகானையே கையும் களவுமாகப் பிடித்தேன்.

குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறிப் பட்டறை அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. நூல் வாங்கியதில் ஏதோ பேச்சு வளர்ந்து, இருவரும் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பட்டறையை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பதென்று செங்கல்லும் இறக்கியாகிவிட்டது. மேஸ்திரி நல்ல நாளுக்காகக் காத்திருந்தார்.

மின்வெட்டு கடுமையாக இருந்த வருடம் அது. மத்தியானம் கரண்ட் போனால் தறிச் சத்தம் நின்று ஊரே காது அடைத்ததுபோல் ஆகும். அந்த நேரம் பார்த்து அம்மாவின் அண்ணன், என் மாமா, ஜால்ராவோடு வந்து உட்காருவார். பரமத்தி வேலூர் வெற்றிலையைக் கடைகளுக்குப் போடுகிற வியாபாரம் அவருக்கு. தறியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அருகே போனால் வேட்டி மாட்டிக்கொள்ளும் என்பதுதான்.

அவர் பாடுவது தவளைச் சாமியார் பாட்டு. ஆற்றங்கரையில் திரிந்த அந்தச் சாமியார் எழுதப் படிக்கத் தெரியாதவராம். சந்தைக்குப் போகிறவர்கள் பேசுகிற பேச்சிலேயே பாடினாராம். எல்லாம் இரண்டிரண்டு வரி. வரிக்கு வரி ‘தவளையே’ என்று முடியும். மாமா ஒரு வரி பாட, பட்டறை ஆட்கள் திருப்பிப் பாடுவார்கள். பிறகு சொல்லுக்கு அர்த்தம், மேலோட்டமான பொருள், கடைசியில் உட்பொருள்.

*ஒம்போது வாசல் ஊட்டுக்கு ஒத்தப் பூட்டா தவளையே*
*உள்ள இருக்கறவன் கெளம்புனா உத்தரவு கேப்பானா தவளையே*

“தவளைங்கறது நம்ம மனசுங்க. ஓரிடத்துல உக்காருமா? அதனால சாமியாரு அதைக் கூப்புட்டுத்தான் புத்தி சொல்லுவாரு. கண்ணு, காது, மூக்கு, வாய்னு ஒம்போது ஓட்டை வச்ச ஊடு இந்த ஒடம்பு. உள்ள குடியிருக்கறது உசுரு. அது போறப்ப நம்மளக் கேட்டுட்டா போகுது?”

எனக்குச் சந்தேகம் வந்தது இதில் இல்லை. ஒரு நாள் திடீரென்று தவளை தறிக்குள் குதித்தது.

*பாவு மட்டும் நின்னு போனா பட்டு வருமா தவளையே*
*ஊடை மட்டும் ஓடிப் போனா உடுத்த ஆகுமா தவளையே*

“பாவு, நீளவாக்குல இழுத்துக் கட்டுன நூலு, அது ஒடம்பு. ஊடை, குறுக்கால போய்ப் போய் வர்ற நூலு, அது மூச்சு. ரெண்டும் பின்னுனாத்தான் வாழ்க்கைங்கற துணி,” என்றார் மாமா, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல. சித்தப்பா விட்டத்தைப் பார்த்தார். அப்பா நகத்தைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். வெற்றிலைக்காரர் வாயில் பாவும் ஊடையும் எப்படி வந்தன? என்றைக்கோ செத்துப்போன சாமியாருக்கு எங்கள் வீட்டுச் சண்டை யார் சொன்னது?

துப்பறியத் தொடங்கினேன். துப்பறிவாளினிக்கு அப்போது மூக்கொழுகல் வேறு. ஒளிந்த இடமெல்லாம் தும்மினேன். கண்டது ஒன்றே ஒன்று: செங்கல் குவியலுக்குப் பின்னால் அப்பா மாமாவின் காதில் ஏதோ முணுமுணுத்து, விரலால் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். பாவம், அப்பாவையும் மாமா மயக்கிவிட்டார் என்று குறித்துக்கொண்டேன்.

மேஸ்திரி நூல் பிடித்து அளந்துவிட்டுப் போன மத்தியானம், மாமா புதுப் பாட்டு எடுத்தார். குரல் தடுமாறியது.

*ஒரே கரண்டுல ஓடுற தறிக்கு ஊடால செவுரா தவளையே*
*ஒரு தாய் பாலைக் குடிச்ச வாயி ஊமை ஆச்சே தவளையே*

நான் எழுந்து நின்றேன். “மாமா! சாமியார் காலத்துல கரண்ட் இருந்துச்சா?”

பட்டறை அதிர்ந்து சிரித்தது. மாமா ஜால்ராவைக் கீழே வைத்து, “மகானுக்கு முக்காலமும் தெரியும் சாமி,” என்றார்.

“மின்வெட்டும் தெரியுமா?”

“அது தெரிஞ்சுதான் மச்சான் மத்தியானமா வர்றாரு,” என்றார் சித்தப்பா. மறுபடி சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்து, தறிக்கு அடியில் எதையோ தேடுபவர்போல் குனிந்திருந்தார்.

சித்தப்பா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். பிறகு, “பாட்டு நல்லாத்தானுங்ண்ணா இருக்குது. கரண்டத்தான் மறச்சிருக்கலாம்,” என்றார்.

அப்பா நிமிர்ந்தார். “எனக்குத் தெரிஞ்சது தறியும் கரண்டுந்தானடா,” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. குற்றவாளியை விட்டுவிட்டு அப்பாவிடம் போய்ப் பேசுகிறாரே! “ஐயோ சித்தப்பா, பாடுனது மாமா!” என்று கத்தினேன்.

அதற்கு ஏன் எல்லாரும் அப்படிச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே சித்தப்பா ஏன் கண்ணைத் துடைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தச் செங்கல்லில் பிற்பாடு துணி துவைக்க மேடை கட்டினார்கள். அது என் துப்பறிதலுக்குக் கிடைத்த பரிசு என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.