அற்புதசாமியின் கால் மணிக் கணக்கு

திருச்சி டவுன் ஸ்டேஷனுக்கு அருகிலிருந்த டின் டப்பா தொழிற்சாலையில் அற்புதசாமி டைம்கீப்பர். 1962-இல் வாசலில் கார்டில் நேரம் பதிக்கும் பஞ்ச் கடிகாரம் மாட்டியபோது, கால் மணிக் கணக்குக்கு மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியவரும் அவர்தான். எட்டு ஏழுக்கு கார்டு அடித்தால் எட்டு மணி. எட்டு எட்டுக்கு அடித்தால் எட்டேகால். சாயங்காலமும் அதே விதிதான்.

"ஒரு நாள் நிமிஷம் போகும், ஒரு நாள் வரும். சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

லால்குடியிலிருந்து ரயிலில் வரும் மயிலம்மாளுக்கு மட்டும் சரியாகவில்லை. டப்பாக்களை அடுக்கிக் கட்டுவது அவள் வேலை.

"எனக்குப் போறது மட்டும்தான் சார் நடக்குது. வரதைக் காணோமே."

அற்புதசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரத்துக் கார்டுகளையெல்லாம் பரப்பி உட்கார்ந்து கூட்டினார். மொத்தத் தொழிலாளிகளுக்கும் போனதும் வந்ததும் கிட்டத்தட்ட சமம். வெற்றியோடு அவளைக் கூப்பிட்டார்.

"பார்த்தியா? சமம்."

"என் கார்டு மட்டும்?"

அதைத் தனியே கூட்டினார். ரயில் கொண்டுவந்து விடும் நேரத்துக்கு தினமும் எட்டு ஒன்பது. எட்டேகால் என்று ஏறிற்று. திரும்பும் ரயிலுக்காக ஐந்து ஐந்துக்கு ஓடுவாள். ஐந்து என்று இறங்கிற்று. நாளுக்குப் பதினொரு நிமிஷம். வாரத்தில் ஒரு மணிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

"அப்ப மத்த பக்கம் யாருக்கு சார் வந்துச்சு?"

ஃபிட்டர் நிஜாமுதீனுக்கு. எட்டு ஆறுக்கு வருவார். சாயங்காலம் கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டு ஐந்து ஒன்பதுக்கு அடிப்பார். நாளுக்குப் பன்னிரண்டு நிமிஷம் லாபம்.

"நான் எடுக்கலைம்மா, கை அழுக்குப் போக அவ்வளவு நேரமாகுது" என்றார் அவர், நிஜமாகவே சங்கடப்பட்டு.

இது பரவியதுதான் வினை. மறுநாள் முதல் ஐந்து மணிக்கு எல்லோர் கையிலும் அழுக்கு. ஆண்களும் பெண்களும் கார்டை நீட்டியபடி, கோவிலில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி, கடிகார முள்ளையே பார்த்து நின்றார்கள். எட்டாவது நிமிஷம் விழுந்ததும் தள்ளுமுள்ளு. ரயிலுக்கு ஓடும் மயிலம்மாள் அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருந்தது.

மேனேஜர் அமிர்தசாமி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "என்னய்யா இது, சமமாயிடும்னீரே?"

"ஆளுங்க நிமிஷத்தைப் பார்க்காம வந்தா சமமாகும் சார். பார்த்து வந்தா ஆகாது. ரயிலும் பார்த்துத்தான் வருது."

இரண்டு நாள் யோசித்து அற்புதசாமியே வழி சொன்னார். தினமும் உள்ள நிமிஷத்தை அப்படியே எழுதுவது. வாரம் முடிந்ததும் கூட்டி, ஒரே ஒரு தடவை கால் மணிக்குச் சரிசெய்வது. அப்போது யாருக்குப் போனாலும் வந்தாலும் வாரத்துக்கு எட்டு நிமிஷத்தைத் தாண்டாது.

"யார் கூட்டுறது?" என்றார் மேனேஜர்.

அற்புதசாமி அதை யோசித்திருக்கவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமைகளில், அறுபது நிமிஷம் சேர்ந்தால் ஒரு மணி என்று உதடு முணுமுணுக்க, அவர் கார்டுகளுக்குள் மூழ்கிக் கிடந்தார். மயிலம்மாளின் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் திரும்பி வந்தது. வாசல் கூட்டம் கலைந்தது. நிஜாமுதீனுக்கும் கை சீக்கிரமே சுத்தமாகிவிட்டது. முதல் நாள் அத்தனை வெள்ளனே வீட்டுக்குப் போனவரை வாசலிலேயே நிறுத்தி, "ஃபேக்டரியில ஸ்ட்ரைக்கா?" என்று கேட்டாராம் அவர் மனைவி கமர் ஜஹான்.